அத்தியாயம் 6: முறைப்பாட்டுக் கொப்பி

வங்கியோடு ஏற்படும் சச்சரவு முதல் மாதத்தில் சின்னதாகத்தான் இருக்கும். ஆறாவது மாதத்தில் அதை அறிந்தவர் வங்கியில் ஒருவரும் இருக்கமாட்டார். கவுண்டரில் இருந்த பிள்ளை வேறு கிளைக்கு மாற்றலாகிப் போயிருப்பார், முகாமையாளர் புதியவர், தொலைபேசியில் ஒவ்வொரு தடவையும் வேறு குரல். முழுக் கதையும் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அந்தக் கதை உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் அதற்குப் பெறுமதி இல்லை. வங்கியிடம் திகதியோடு கணினிப் பதிவு இருக்கிறது, உங்களிடமும் திகதியோடு ஒரு பதிவு வேண்டும்.

இதற்குச் சி.ஆர். கொப்பி ஒன்று போதும். தைத்த கொப்பியாக இருக்கட்டும். தனித்தாள்களைக் கோத்த பைலில் எந்தத் தாளையும் பின்னால் செருகலாம், உருவலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். பக்கங்களுக்கு முதலிலேயே இலக்கமிட்டு, பேனையால் எழுதுங்கள். பிழை வந்தால் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் கையெழுத்தும் திகதியும் இடுங்கள். கணினியில் அட்டவணை போட விரும்புபவர்கள் தாராளமாகப் போடலாம், தேடுவதற்கு அது வசதி. ஆனால் அன்றைக்கன்று கையால் எழுதிய கொப்பிக்கு உள்ள நம்பகம் எப்போது வேண்டுமானாலும் திருத்தக்கூடிய கோப்புக்குக் கிடைப்பதில்லை.

இனி ஓர் உதாரணத்தோடு போவோம். இது எந்த ஒரு வங்கியையும் ஆளையும் குறிப்பதல்ல. பலருக்கு நேர்வதைச் சேர்த்து இந்த அத்தியாயத்துக்காக அமைத்தது.

கம்பளையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வீட்டைத் திருத்த எடுத்த கடனில் மிச்சத்தை ஓய்வூதியப் பணிக்கொடைப் பணத்தால் ஒரேயடியாக அடைக்க நினைக்கிறார். 2025 மார்ச் 3ஆம் திகதி, திங்கட்கிழமை, கிளைக்குப் போய் எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்கிறார். கவுண்டரில் இருந்தவர் ஒரு துண்டில் 412,350 ரூபாய் என்று எழுதிக் கொடுக்கிறார். பணம் கண்டியில் உள்ள இன்னொரு வங்கியில் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வந்து கட்டும்போது மார்ச் 5. சீல் குத்திய ஸ்லிப் கிடைக்கிறது. “லெட்டர் ரெண்டு கிழமையில வரும் டீச்சர்” என்கிறார்கள்.

லெட்டர் வரவில்லை. மே 9ஆம் திகதி வங்கியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வருகிறது: உங்கள் கடன் கணக்கில் 1,316.32 ரூபாய் நிலுவை, உடனே செலுத்தவும். அடைத்து முடித்த கடனுக்கு நிலுவை! கொப்பி வாங்கவேண்டிய நாள் அதுதான். பெரும்பாலானோர் கோபம் முற்றிய பிறகே, அதாவது நாலைந்து மாதம் கழித்தே எழுதத் தொடங்குகிறார்கள். அப்போது யாரிடம் எப்போது பேசினோம் என்பது எதுவும் சரியாக நினைவில் இராது.

ஆசிரியை முதல் பக்கத்தில் மார்ச் 3, மார்ச் 5 ஆகிய இரண்டு நிகழ்வுகளையும் எழுதி, ஓரத்தில் “9.5.2025 அன்று நினைவிலிருந்து எழுதியது, துண்டும் ஸ்லிப்பும் உள்ளன” என்று குறித்தார். இந்தக் குறிப்பு மிக முக்கியம். பின்னால் எழுதியதை அன்றே எழுதியது போலக் காட்டினால், அந்த ஒரு பொய்யால் கொப்பி முழுவதும் விழுந்துவிடும்.

அதற்குப் பிறகு வந்த பதிவுகளில் மூன்றை அப்படியே தருகிறேன். இவற்றின் வடிவத்தைப் பாருங்கள்.

“பதிவு 4. 14.5.2025 புதன், காலை 10.20. கம்பளைக் கிளை, கடன் கவுண்டர், கண்ணாடி அணிந்த பெண் அதிகாரி, பெயர்ப்பட்டியில் உள்ள பெயர் எழுதியுள்ளேன். சிஸ்டம் பிழை என்றார். ஒரு கிழமையில் சரியாகும் என்றார். முறைப்பாட்டு இலக்கம் கேட்டேன், தேவையில்லை என்றார். இலக்கம் இல்லை. அடுத்து பார்க்கவேண்டிய நாள்: 21.5.”

“பதிவு 6. 27.5.2025 செவ்வாய், மாலை 3.05 முதல் 3.31 வரை. வங்கியின் ஹொட்லைன். முறைப்பாட்டு இலக்கம் …4471. பத்து வேலை நாளில் பதில் என்றார். அடுத்து பார்க்கவேண்டிய நாள்: 11.6.”

“பதிவு 7. 12.6.2025 வியாழன், காலை 9.10. ஹொட்லைன். …4471 பற்றிக் கேட்டேன். அது 2.6 அன்று மூடப்பட்டுவிட்டது என்றார். என்ன முடிவென்று மூடினார்கள் என்று கேட்டேன். கிளையுடன் பேசித் தீர்த்ததாக எழுதியிருக்கிறது என்றார். எனக்கு யாரும் அறிவிக்கவில்லை. புதிய இலக்கம் …5208. பழைய இலக்கத்தையும் புதிய முறைப்பாட்டில் எழுதச் சொன்னேன்; எழுதியதாகச் சொன்னார்.”

இவற்றில் ஆசிரியையின் ஆத்திரம் ஒரு சொல்லிலும் இல்லை. “அலைக்கழிக்கிறார்கள்” என்று எழுதுவதைவிட “இலக்கம் கேட்டேன், தேவையில்லை என்றார்” என்று எழுதுவது பத்து மடங்கு கனம். கண்டிப் பக்கத்தில் கவுண்டர் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கும். முக்கியமான வாக்குறுதியை அதிகாரி சிங்களத்தில் சொன்னால், அவர் சொன்ன சொற்களையே தமிழ் எழுத்தில் எழுதிவையுங்கள்.

பதிவுகளின் கடைசியில் வரும் “அடுத்து பார்க்கவேண்டிய நாள்” இல்லாவிட்டால் கொப்பி வெறும் நாட்குறிப்பாகிவிடும். வங்கி நாட்களை எண்ணும்போது சனி, ஞாயிறு மட்டுமல்ல, போயாவும் கழியும். மே 27இலிருந்து பத்து வேலை நாள் எண்ணினால் ஜூன் 10 என்று தோன்றும். அன்று பொசன் போயா, ஆகவே கெடு 11ஆம் திகதி. ஒரு நாள் முந்திப் போய்ச் சத்தம் போட்டால் “இன்னும் நாளிருக்கே” என்ற ஒரு வரியில் உங்களை அனுப்பிவிடுவார்கள். வெசாக்குக்கு இரண்டு நாள், சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். நேரில் போகும் நாளை நீங்களே குறிக்கும்போது கண்டி நகரத்தின் நடப்பையும் பாருங்கள். எசல பெரஹரா நாட்களில் தலதா வீதிப் பக்கம் போய் ஓர் அலுவல் முடிப்பது பாடுதான். 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை தலதா புனிதச் சின்னத் தரிசனம் நடந்தபோது கண்டிக்குள் நுழைவதே பெரும்பாடாக இருந்தது.

இப்போது ஏழாவது பதிவில் உள்ள சிக்கலுக்கு வருவோம். நீண்ட சச்சரவுகளில் மிக அதிகமாக ஆட்கள் தோற்கும் இடம் இதுதான்.

ஹொட்லைனுக்கு ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் புதிய இலக்கம் பிறக்கலாம். புதிய இலக்கத்துக்குப் புதிய கெடு. பழையது “தீர்க்கப்பட்டது” என்று சத்தமில்லாமல் மூடப்படும். ஆறு மாதம் கழித்து வங்கியின் தலைமையகம் திரையைப் பார்த்தால், நாலு சின்ன முறைப்பாடுகள் தெரியும், நாலும் உரிய நாளுக்குள் மூடப்பட்டவை. ஆறு மாதமாகத் தீராத ஒரே முறைப்பாடு அவர்களுடைய திரையில் இராது, உங்கள் கொப்பியில்தான் இருக்கும். ஆகவே கொப்பியின் கடைசிப் பக்கத்தை இலக்கங்களுக்கென்று ஒதுக்குங்கள். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு வரி: எந்த அலுவலகம் தந்தது, எப்போது திறந்தது, எப்போது மூடினார்கள், என்ன காரணம் சொன்னார்கள், அதற்குப் பதிலாக எந்த இலக்கம் வந்தது. கிளை தரும் இலக்கம், ஹொட்லைன் இலக்கம், பதிவுத் தபாலின் இலக்கம், மத்திய வங்கி தரும் இலக்கம் எல்லாம் வேறு வேறு. ஓர் அலுவலகத்தின் இலக்கத்தை இன்னோர் அலுவலகத்தில் சொன்னால் “அப்படி ஒன்று இல்லை” என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும்.

மூடிய முறைப்பாட்டைப் பற்றிக் கேட்கும்போது மூன்றையும் கேளுங்கள்: மூடிய திகதி, மூடிய காரணம், எனக்கு எந்த வழியில் அறிவித்தீர்கள். மூன்றாவதற்கு அநேகமாகப் பதில் இராது. அந்த மௌனத்தையும் எழுதுங்கள்.

ஆதாரங்களைக் கொப்பிக்குள் ஒட்டவேண்டாம், கொப்பி வீங்கிக் கிழியும். தனிப் பைலில் வைத்து, ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் பதிவு இலக்கத்தை எழுதுங்கள். வங்கி ஸ்லிப்புகளும் ஏ.டி.எம். துண்டுகளும் பல வெப்பத்தாளில் அச்சாகின்றன, ஒரு வருடத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். கிடைத்த அன்றே போட்டோ கொப்பி எடுங்கள். குறுஞ்செய்திகளைத் திகதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து அச்சிடுங்கள். கொப்பியில் கணக்கு இலக்கத்தின் கடைசி நாலு இலக்கம் போதும். ரகசிய இலக்கமும் கடவுச்சொல்லும் ஒருபோதும் வேண்டாம். இந்தக் கொப்பியைப் பலர் கையில் கொடுக்கவேண்டி வரும்.

ஆசிரியை ஜூன் 16ஆம் திகதி எழுத்துக்கு மாறினார். என்னைக் கேட்டால் இன்னும் முன்னரே மாறியிருக்கவேண்டும். தொலைபேசியில் ஒரு கெடு தவறியதும் கடிதம் எழுதவேண்டும், இரண்டாவது தொலைபேசிக் கெடுவுக்குக் காத்திருப்பது வீண். கடிதம் கிளை முகாமையாளருக்கு, பிரதி வங்கித் தலைமையகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு, இரண்டும் பதிவுத் தபாலில். கண்டியில் என்றால் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பிரதான தபாலகத்தில் கொடுக்கலாம். தபால் ரசீதில் உள்ள இலக்கம் கொப்பியின் கடைசிப் பக்கத்துக்குப் போகும். கையால் கொடுப்பதென்றால் உங்கள் பிரதியில் வங்கியின் சீலும் திகதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

கடிதத்தில் கதை வேண்டாம். மார்ச் 3, மார்ச் 5, மே 9, மே 14, மே 27, ஜூன் 12 என்று கொப்பியிலிருந்து ஆறு வரிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆதாரத்தின் இலக்கம். முடிவில் கேட்பது என்ன என்பது தெளிவாக இருக்கவேண்டும்: நிலுவையை நீக்குதல், கடன் தீர்ந்ததற்கான கடிதம், வீட்டு உறுதிப்பத்திரத்தைத் திருப்பித் தருதல், ஈட்டை விடுவித்தல். “இதுவே உங்கள் இறுதி நிலைப்பாடா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்” என்ற வரியும் வேண்டும். அந்த வரி ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

இந்த ஆறு வரிகளை எழுதும்போதுதான் ஆசிரியைக்கே ஒன்று கண்ணில் பட்டது. தொகை சொன்ன நாள் மார்ச் 3. கட்டிய நாள் மார்ச் 5. இடையில் இரண்டு நாள் வட்டி ஓடியிருக்கிறது. கடனுக்கு ஆண்டு வட்டி 14 வீதம். 412,350 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி 158 ரூபாய் 16 சதம், இரண்டு நாளைக்கு 316 ரூபாய் 32 சதம். மே மாதம் கேட்ட 1,316.32 ரூபாயின் வாலில் நிற்கும் 316.32 அதுதான். மிச்சம் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம். “சிஸ்டம் பிழை” என்று மே 14இல் சொன்னது தவறு, சிஸ்டம் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. பிழை வேறு இடத்தில். எந்த நாள் வரைக்குமான தொகை என்று துண்டில் எழுதவில்லை, மார்ச் 5 அன்று பணத்தை வாங்கியவரும் 316 ரூபாய் குறைகிறது என்று சொல்லவில்லை.

சச்சரவின் போக்கே இதனால் மாறுகிறது. “நான் ஒரு சதமும் தரவேண்டியதில்லை” என்று நின்றால் ஆசிரியை தோற்பார். “316.32 ரூபாயை இன்றே கட்டுகிறேன்; குறைவதாக எனக்குச் சொல்லாமல் விட்டதால் ஏறிய தாமதக் கட்டணமும், அதன் பேரில் என் பெயரில் எழுதிய நிலுவைப் பதிவும் நீங்கவேண்டும்” என்றால் வங்கிக்கு மறுக்க இடமில்லை. திகதிகளை வரிசையாக எழுதியதன் பயன் அது. உங்கள் பக்கத்துப் பிழையும் கொப்பியில் தெரியவரும், அதை மறைக்கவேண்டாம்.

அந்த நிலுவைப் பதிவு பற்றி ஒரு வார்த்தை. மக்கள் “கிரிப்” என்று சொல்லும் கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. வங்கிகள் தரும் தகவலைத்தான் அது வைத்திருக்கிறது. உங்கள் சொந்த அறிக்கையை நீங்கள் கேட்டுப் பெறலாம். ஆசிரியை ஜூலை 7ஆம் திகதி பெற்றபோது கடன் “நிலுவையில்” என்றே இருந்தது. அறிக்கையின் திகதியையும் இலக்கத்தையும் கொப்பியில் எழுதுங்கள், ஏனென்றால் திருத்தம் நடந்ததா என்று பின்னால் ஒப்பிட இதுதான் அளவுகோல். பணியகத்திடம் பிழை என்று சொல்லலாம், ஆனால் அவர்கள் தகவல் தந்த வங்கியிடம்தான் கேட்பார்கள். திருத்தம் வங்கியிலிருந்து வரவேண்டும்.

ஜூலை 15இல் வங்கியின் பதில் வந்தது. கட்டணம் விதிகளின்படி சரி, மேற்கொண்டு எதுவும் செய்வதற்கில்லை. ஏமாற்றம் தரும் கடிதம்தான். ஆனால் இதற்காகத்தான் அந்த “இறுதி நிலைப்பாடு” வரியை எழுதச் சொன்னேன். வெளியே போகும் எந்தக் கதவும் முதலில் “வங்கியிடம் முறையிட்டீர்களா, என்ன சொன்னார்கள்?” என்றே கேட்கும். மறுப்புக் கடிதம் அந்தக் கதவின் திறப்பு. பதிலே வராவிட்டால், பதிவுத் தபால் ரசீதும் கெடு கடந்த திகதியும் அதே வேலையைச் செய்யும்.

வெளியே இரண்டு கதவுகள். ஒன்று இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், 2020 ஆகஸ்ட்டில் தொடங்கியது. 1935 என்ற இலக்கத்தில் பேசலாம், fcrd@cbsl.lk என்ற முகவரிக்கு எழுதலாம், கொழும்பு 1, ஜனாதிபதி மாவத்தையில் உள்ள தலைமையகத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். தமிழில் எழுதத் தயங்கவேண்டாம். தமிழில் எழுதவும் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தருகிறது. 2023இல் வந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வங்கிகள் முறைப்பாடுகளைக் கையாளவேண்டிய விதத்தையும் உள்ளடக்கியவை. ஆகவே கெடு தவறியது, அறிவிக்காமல் மூடியது போன்ற கொப்பி விவரங்களுக்கு இங்கே மதிப்பு உண்டு.

மற்றது கொழும்பு 5, வஜிர வீதியில் உள்ள நிதி ஒம்புட்ஸ்மன். இங்கே கட்டணம் கிடையாது. இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் தட்டவேண்டாம், ஒருவர் மற்றவரைக் காட்டிக் காத்திருப்பார். நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் விடயத்தை ஒம்புட்ஸ்மன் எடுப்பதில்லை. கடன் தர மறுத்தது, வட்டி வீதம் கூடியது போன்ற வங்கியின் வியாபாரத் தீர்மானங்களுக்கும் இந்தக் கதவுகள் பெரிதாக உதவா. நடைமுறையில் நேர்ந்த பிழைக்குத்தான் உதவும்.

அரச வங்கி என்றால் பலர் மறந்துவிடும் இன்னொரு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், “என் முறைப்பாடு …4471ஐ யார், எந்தக் குறிப்பின் பேரில் மூடினார்?” என்று தகவல் அதிகாரியிடம் கேட்கலாம். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாளுக்குள் அவர் தீர்மானிக்கவேண்டும். கொப்பியில் இலக்கம் இருந்தால் கேள்வி ஒரு வரியில் முடியும், இல்லாவிட்டால் கேட்கவே தெரியாது. தனியார் வங்கிக்கு இந்த வழி கிடையாது.

கொப்பியால் முடியாதது ஒன்றையும் சொல்லவேண்டும். முறைப்பாடு நடக்கிறது என்பதற்காகச் சட்டத்தின் கடிகாரம் நிற்பதில்லை. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் வழக்குத் தொடுக்க ஆறு வருடம், எழுத்தில்லாததற்கு மூன்று வருடம், நட்டஈட்டு வழக்குகள் சிலவற்றுக்கு இரண்டே வருடம். கொப்பியின் முதல் பதிவிலிருந்து ஒன்றரை வருடம் கழிந்தும் முடியாவிட்டால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வங்கி ஈட்டுக் காணியை ஏலத்தில் விடும் அறிவித்தல் அனுப்பியிருந்தால் ஒரு நாளும் தாமதிக்கவேண்டாம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றத்துக்குப் போகாமலே விற்கும் அதிகாரத்தை வங்கிக்குத் தருகிறது, மத்திய வங்கியில் முறைப்பாடு கிடக்கிறது என்பதால் மட்டும் அது நிற்காது.

ஆசிரியையின் விடயத்துக்கு மீள்வோம். ஜூலை 28இல் மத்திய வங்கிக்கு ஒரு பக்கக் கடிதமும் பதினொரு இணைப்புகளும் போயின. அங்கிருந்து வந்த இலக்கம் கடைசிப் பக்கத்தின் புதிய வரி. செப்டெம்பரில் வங்கி தாமதக் கட்டணங்களை நீக்கியது, 316.32 ரூபாயை அவர் கட்டினார், தீர்வுக் கடிதம் வந்தது.

இங்கே கொப்பியை மூடக்கூடாது, இன்னும் மூன்று பதிவு இருக்கிறது. ஒன்று, புதிய கிரிப் அறிக்கை எடுத்து ஜூலை 7இன் அறிக்கையோடு ஒப்பிடுதல். வங்கி அனுப்பும் திருத்தம் அங்கே ஏற நாளெடுக்கலாம், ஆகவே அடுத்த மாதத்துக்கு ஒரு “பார்க்கவேண்டிய நாள்” போடுங்கள். இரண்டு, உறுதிப்பத்திரத்தைக் கையில் வாங்கும்போது பக்கங்களை எண்ணி, வங்கியின் ஒப்படைப்புப் படிவத்தின் பிரதியை வாங்குதல். மூன்று, ஈட்டு விடுவிப்பு உறுதி காணிப் பதிவகத்தில் பதிவானதா என்று பார்த்தல். தீர்வுக் கடிதம் இருந்தாலும் பதிவேட்டில் ஈடு அப்படியே கிடந்தால், காணியை விற்கும் நாளில் வாங்குபவரின் நொத்தாரிசு அதைத்தான் முதலில் காட்டுவார். பதிவகத்தின் திகதியையும் பதிவு இலக்கத்தையும் எழுதிய பிறகு கொப்பியை உறுதிப்பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.